ஹாஷிமோட்டோ தைராய்டு அழற்சி

உடலின் தடுப்பாற்றல் தன் சொந்தத் தைராய்டு சுரப்பியையே தாக்கிச் சிறிது சிறிதாக அழிக்கும் நோய். உணவில் போதிய அயோடின் கிடைக்கும் நாடுகளில் தைராய்டு குறைவு வருவதற்கு இதுவே முதற்காரணம். அயோடின் பற்றாக்குறை நீடிக்கும் பகுதிகளில் மட்டும் அந்தப் பற்றாக்குறை இதை முந்துகிறது. ஆண்களைவிடப் பெண்களிடம் பல மடங்கு அதிகம். குடும்பங்களில் தொடர்ந்து வரும்.

ஜப்பானின் கியூஷூ பல்கலைக்கழகத்தில் பயின்ற அறுவை மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோ, 1912இல் நான்கு பெண்களின் தைராய்டு திசுவை நுண்ணோக்கியில் ஆராய்ந்து இந்நோயை விவரித்தார். சுரப்பி முழுவதும் நிணநீர் செல்கள் குவிந்து கிடந்ததை அவர் கண்டார். அவை ஏன் அங்கே வந்தன என்பதற்கு விடை 1956இல்தான் கிடைத்தது. லண்டனில் டெபோரா டோனியாக், ஐவன் ராய்ட் ஆகியோரின் குழு, இந்நோயாளிகளின் இரத்தத்தில் தைரோகுளோபுலின் என்னும் தைராய்டு புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் இருப்பதைக் காட்டியது. உடல் தன் உறுப்பையே எதிர்க்கும் என்பதை மருத்துவ உலகம் ஏற்க வழிவகுத்த கண்டுபிடிப்புகளில் இது ஒன்று.

இன்று பரிசோதனைக் கூடங்களில் முதன்மையாகப் பார்க்கப்படுவது டிபிஓ எதிர்ப்பொருள். டிபிஓ என்பது அயோடினைத் தைரோகுளோபுலினுடன் சேர்த்து ஹார்மோன் உருவாக உதவும் நொதி. நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இந்த எதிர்ப்பொருள் காணப்படுகிறது. ஆனால் சுரப்பியை அழிப்பதில் பெரும்பங்கு இதனுடையது அன்று. அது டி நிணநீர் செல்களின் வேலை. கருவுற்ற தாயிடமிருந்து டிபிஓ எதிர்ப்பொருள் நச்சுக்கொடி வழியே குழந்தைக்குச் செல்கிறது. ஆயினும் அதனால் குழந்தையின் தைராய்டு கெடுவதில்லை. ஆகவே இதைச் சுரப்பிக்குள் நடக்கும் தாக்குதலின் தடயமாகவே கொள்ள வேண்டும். அதன் அளவைக் குறைப்பதாகச் சொல்லும் உணவு முறைகளுக்கும் மருந்துகளுக்கும் பின்னால் அலைவது வீண்.

எதிர்ப்பொருள் இருப்பவர் எல்லாருக்கும் தைராய்டு குறைவு வந்துவிடாது. இங்கிலாந்தின் விக்கம் பகுதியில் 1970களில் தொடங்கிய ஆய்வு ஏறத்தாழ 20 ஆண்டுகள் மக்களைப் பின்தொடர்ந்து இதை அளந்தது. எதிர்ப்பொருள் மட்டும் இருந்த பெண்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு இருவர் அளவில் தைராய்டு குறைவுக்கு ஆளாயினர். எதிர்ப்பொருளோடு டிஎஸ்எச் அளவும் உயர்ந்திருந்தவர்களில் அது நான்கைத் தாண்டியது. டிஎஸ்எச் என்பது பிட்யூட்டரி சுரப்பி தைராய்டை வேலை வாங்க அனுப்பும் ஹார்மோன். தைராய்டு சோர்ந்தால் முதலில் உயர்வது இதுதான்.

60 கிலோ எடையுள்ள 34 வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். களைப்புக்காகப் பரிசோதித்ததில் டிஎஸ்எச் 6.8 இருக்கிறது (வழக்கமான மேல் எல்லை 4 முதல் 5). இரத்தத்தில் டி4 ஹார்மோன் சரியாக உள்ளது. டிபிஓ எதிர்ப்பொருள் பல நூறு. அழிந்த செல்களின் குறையை எஞ்சியவை கூடுதலாக உழைத்து ஈடுகட்டும் கட்டம் இது. இந்த ஒரு முடிவை வைத்து மாத்திரை தொடங்கிவிடக் கூடாது. வேறொரு நோயிலிருந்து தேறும்போதும் டிஎஸ்எச் தற்காலிகமாக உயரும். இரண்டு மூன்று மாதம் கழித்து மீண்டும் பார்ப்பதே முறை. அப்போதும் உயர்வு அப்படியே இருந்தால் ஆண்டுதோறும் கவனித்து வரலாம். அவர் கருத்தரிக்க முயல்பவர் என்றால் மட்டும் முன்னதாகவே மருந்து தொடங்குவதைப் பற்றி மருத்துவர் யோசிப்பார்.

மூன்று ஆண்டு கழித்து அவருக்கு டிஎஸ்எச் 24, டி4 இயல்பைவிடக் குறைவு என்று வருகிறது. குளிர் தாங்க முடியவில்லை, மலச்சிக்கல், முடி உதிர்வு, மாதவிடாயில் அதிகப் போக்கு. இனிச் சிகிச்சை கட்டாயம். லெவோதைராக்ஸின் கிலோவுக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம் என்ற கணக்கில் நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராம் தேவைப்படும். முதியவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் மிகக் குறைவாகத் தொடங்க வேண்டும். வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காபியோ சிற்றுண்டியோ எடுக்கலாம். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். மாத்திரையைத் தவறாமல் எடுத்தும் டிஎஸ்எச் இறங்கவில்லை என்று வருபவர்களிடம் முதலில் விசாரிக்க வேண்டியது இதைத்தான். டி4 உடலில் மெல்லக் குறைவதால், அளவை மாற்றிய ஆறு வாரத்துக்குப் பிறகே மறுபரிசோதனைக்குப் பொருள் உண்டு. அப்போதும் டிஎஸ்எச் பார்த்தால் போதும். எதிர்ப்பொருளைத் திரும்பத் திரும்ப அளப்பது பணச் செலவு மட்டுமே.

எல்லாரிடமும் நோய் இந்த நேர்வரிசையில் நகர்வதில்லை. சிதையும் சுரப்பியிலிருந்து ஹார்மோன் கசிந்து, சில வாரங்களுக்குப் படபடப்பும் எடைக்குறைவும் காட்டிவிட்டுப் பிறகு குறைவுநிலைக்கு வருவோர் உண்டு. சிலருக்குக் கழுத்தில் கழலை தெரியும். வேறு சிலருக்குச் சுரப்பி சுருங்கிப்போகும். ஏற்கெனவே வீங்கியிருந்த சுரப்பி வேகமாகப் பெருத்தால் காத்திருக்கக் கூடாது. அரிதாக அங்கே நிணநீர்ப் புற்று தோன்றுவது உண்டு.

லெவோதைராக்ஸின் மாத்திரை எடுக்கும் பெண் கருவுற்றால் தேவை கால் பங்குக்கு மேல் கூடும். கருவின் தைராய்டு முதல் மூன்று மாதங்களில் போதிய ஹார்மோன் தராததால் குழந்தை தாயின் ஹார்மோனையே நம்பியிருக்கிறது. ஆகவே மாதவிடாய் தள்ளிப்போனதும் மாத்திரையை நிறுத்தாமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.