65,536-வது வரிக்குப் பிறகு

ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு இரவில் தகவல்களை ஏற்றியபின், புறப்பட்டவை எத்தனை, வந்து சேர்ந்தவை எத்தனை என்று எண்ணிப் பார்ப்பது பழைய பழக்கம். காந்த நாடாக் காலத்திலேயே ஐ.பி.எம். நாடாவின் முடிவில் EOF1 என்றொரு குறிப்பு எழுதப்படும். எத்தனை தொகுதிகள் எழுதப்பட்டன என்ற எண்ணிக்கை அதில் இருக்கும். படித்து முடிக்கும்போது கணக்கு பொருந்தாவிட்டால் கணினியே எச்சரித்துவிடும்!

இந்தச் சாதாரண ஒப்பீடு தவறினால் என்ன ஆகும் என்பதை 2020-இல் இங்கிலாந்து பார்த்தது. தனியார் ஆய்வகங்கள் கொரோனா சோதனை முடிவுகளை CSV கோப்புகளாக அனுப்பின. அங்கிருந்த பொது சுகாதார அமைப்பு அவற்றை எக்செல் கோப்பில் இறக்கி, பிறகு மையக் கணினியில் ஏற்றியது. CSV வெறும் எழுத்துக்கோப்பு. அதற்கு வரி உச்சவரம்பு கிடையாது. ஆனால் இடையில் பயன்பட்டது பழைய XLS வடிவம். அதில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை. ஒரு நோயாளிக்கே பல வரிகள் தேவைப்பட்டதால், ஒரு கோப்பில் சுமார் 1,400 பேர்தான் அடங்கினர் என்று பிபிசி எழுதியது. நோய் பெருகியபோது மிஞ்சிய வரிகள் சத்தமின்றி உதிர்ந்தன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 பேர் கணக்கிலிருந்து விடுபட்டனர்.

இதை எப்படிக் கண்டுபிடித்திருக்கலாம்? வந்த கோப்பையும் ஏற்றிய அட்டவணையையும் தனித்தனியே எண்ண வேண்டும்.

```
wc -l results.csv
SELECT COUNT(*) FROM results
WHERE load_date = '2020-10-01';
```

கோப்பில் 70,001 வரிகள் என்று வைத்துக்கொள்வோம். முதல் வரி தலைப்பு, அதைக் கழித்தால் 70,000. அட்டவணையில் அதைவிட 4,464 குறைவாக, 65,536-ஐ ஒட்டி நின்றால் அதுவே துப்பு. 65,536 என்பது இரண்டின் பதினாறாவது அடுக்கு. நோயாளிகளின் எண்ணிக்கை நாள்தோறும் அப்படி ஓர் எண்ணில் வந்து நிற்காது.

இரண்டு பக்கமும் ஒரே பொருளைத்தான் எண்ண வேண்டும் என்பது முக்கியம். ஒரு பக்கம் வரிகளையும் மறுபக்கம் நோயாளிகளையும் எண்ணினால் ஒப்பீடு பொருளற்றது. எண்ணுவதும் மூலக்கோப்பில் தொடங்க வேண்டும். வெட்டுப்பட்ட எக்செல் கோப்பை மையக் கணினியுடன் ஒப்பிட்டிருந்தால் கணக்கு கச்சிதமாகப் பொருந்தியிருக்கும்! ஒரு வரி விடுபட்டு இன்னொன்று இருமுறை ஏறினாலும் மொத்தம் மாறாது. அதற்குச் சோதனை எண்களையே ஒப்பிட வேண்டும்.

விடுபட்டவர்களுக்குத் தங்களுக்கு நோய் இருப்பது தெரிவிக்கப்பட்டிருந்தது. ஆனால் அவர்களுடன் பழகியவர்களைத் தேடும் பணியாளர்களுக்குப் பெயர்கள் போய்ச் சேரவில்லை. எச்சரிக்கப்படாத அவர்கள் வழக்கம்போல் வெளியே நடமாடினார்கள். இதனால் 1,25,000-க்கும் அதிகமான கூடுதல் தொற்றுகளும் 1,500-க்கும் அதிகமான மரணங்களும் நேர்ந்திருக்கலாம் என்று ஃபெட்சர், கிரேபர் என்ற இரு பொருளியல் ஆய்வாளர்கள் பின்னர் மதிப்பிட்டனர்.

அக்டோபர் 2 இரவில் பிழை பிடிபட்டது. அதன்பின் கோப்புகளைச் சிறுசிறு பகுதிகளாகப் பிரித்து ஏற்றத் தொடங்கினார்கள். விடுபட்டவையும் சேர்ந்ததால், அக்டோபர் 4 அன்று பிரிட்டன் அறிவித்த எண்ணிக்கை 22,961 ஆக எகிறியது.