நமஸ்தே

நமஸ்தே என்பது கைகூப்பிச் சொல்லும் சமஸ்கிருத வணக்கச் சொல். 'நம்' (வளை, குனி) என்னும் வேரிலிருந்து வந்த 'நமஸ்' என்பதற்கு வணக்கம் என்றும், 'தே' என்பதற்கு உனக்கு என்றும் பொருள். சேர்ந்து 'உனக்கு வணக்கம்'. யஜுர்வேதத்தின் ஸ்ரீருத்ரத்தில் இது ருத்திரனை நோக்கிச் சொல்லப்படுகிறது. சொல் குறிக்கும் குனிதலை உடல் செய்துகாட்டுகிறது: உள்ளங்கைகள் மார்பருகே இணைய (அஞ்சலி முத்திரை), தலை சற்றுத் தாழும். பேச்சின்றிக் கைகூப்பினாலே வணக்கம் நிறைவுறும்.

'தே' ஒருமை, பலரை நோக்கினால் சமஸ்கிருத இலக்கணப்படி 'நமோ வ:' என்றாகும். பெங்களூருவில் கன்னடர் பெரிதும் சொல்லும் 'நமஸ்கார'வில் 'உனக்கு' என்னும் உறுப்பே இல்லை. ஆகவே அது ஒருவருக்கும் அவைக்கும் ஒருங்கே பொருந்தும். தமிழ் 'வணக்கம்' என்பதும் வளைதலைக் குறிக்கும் 'வணங்கு' என்னும் வினையிலிருந்து பிறந்ததே.