தரைப்பரப்பிலிருந்து கூரைப்பரப்பு: திண்டுக்கல் சமவெளி ஓட்டுக் கூரைகளும் கணக்கு முறையின் மாற்றமும்

திண்டுக்கல் மலைக்கோட்டையின் மேல் நின்று நகரைப் பார்த்தால், மொட்டை மாடிகளுக்கு நடுவே சிவப்பு ஓட்டுக் கூரைகள் இன்னும் அங்கங்கே தெரியும். மேலிருந்து பார்க்கிறவருக்குத் தெரிவது கூரையின் தரைப்பரப்பு மட்டுமே. அதாவது, கூரையின் நிழல் உச்சிவெயிலில் தரையில் எவ்வளவு இடத்தை மறைக்குமோ அந்த அளவு. ஓடு வாங்குகிறவருக்குத் தேவைப்படுவது சாய்வோடு சேர்ந்த உண்மைப் பரப்பு. முதலாவதிலிருந்து இரண்டாவதைப் பெறும் வழி இந்த வட்டாரத்தில் எப்படி மாறி வந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள். கணிதம் வளர்ந்ததால் கணக்கு முறை மாறவில்லை என்பதும், கூரையின் மேல் போடும் பொருள் மாறியபோதுதான் அது மாறியது என்பதும் என் வாதம்.

கீற்றுக் கூரைக்குப் பரப்புக் கணக்கே தேவைப்படவில்லை. முடைந்த தென்னங்கீற்றை ஒன்றன்மேல் ஒன்றாக எவ்வளவு நெருக்கி வேய்வது என்பது வேய்பவரின் கைப்பழக்கம், வீட்டுக்காரரின் வசதி இரண்டையும் பொறுத்தது. ஒரே அளவுள்ள இரண்டு வீடுகளுக்கு வேண்டிய கீற்றுகளின் எண்ணிக்கை வெகுவாக வேறுபடலாம். நாட்டு ஓடும் அப்படித்தான். குயவர் சக்கரத்தில் வனைந்து பிளந்த அரைவட்ட ஓடுகள் ஒரே அளவில் இருப்பதில்லை. அவற்றைக் கவிழ்த்தும் மல்லாத்தியும் அடுக்கும்போது எத்தனை விரல் மேலேறுகிறது என்பதற்கு விதியும் இல்லை. ஓடு குறைந்தால் உள்ளூர்ச் சூளையில் இன்னொரு கூடை வாங்கிக்கொள்ளலாம். பரப்பில் நூற்றுக்குப் பத்து தவறினாலும் அங்கே யாருக்கும் நட்டமில்லை.

ஆனால் தச்சருக்கு ஒரு நீளம் சரியாகத் தெரிந்தாக வேண்டும். அது கைமரத்தின் நீளம். சுவரிலிருந்து நடுமுகட்டுக்கு உள்ள கிடைத்தூரமும் முகட்டின் உயரமும் தெரிந்தால், சாய்நீளத்தை மரம் அறுக்கும் முன்பே சொல்லியாக வேண்டும். இந்த இடத்தில் போதையனார் பெயரில் வழங்கும் பழைய வாய்பாட்டைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. செங்கோண முக்கோணத்தின் நீண்ட பக்கத்தில் எட்டில் ஒரு பங்கைக் கழித்து, குறுகிய பக்கத்தில் பாதியைக் கூட்டினால் கர்ணம் கிடைக்கும் என்பது அதன் சாரம். அரைக்கால் கழித்து அரை கூட்டுவது, அவ்வளவுதான். வர்க்கமூலம் வேண்டாம். ஒரு கயிற்றை மூன்று முறை மடித்தாலே எட்டில் ஒரு பங்கு கையில் வந்துவிடும்.

இந்த வாய்பாட்டைப் பித்தாகரசு தேற்றத்துக்குச் சமமாகக் காட்டும் பழக்கம் நம்மிடையே பரவியிருக்கிறது. அது சரியன்று. தேற்றம் எல்லாச் செங்கோண முக்கோணங்களுக்கும் துல்லியமாகப் பொருந்தும்; இது தோராயம். ஆனால் எந்த இடத்தில் நல்ல தோராயம் என்று பார்த்தால் அதன் அருமை விளங்கும். கிடைத்தூரம் 12, உயரம் 5 என்றால் வாய்பாடு 13 தருகிறது. அது சரியான விடை. கிடைத்தூரம் 12, உயரம் 9 என்றால் 15, அதுவும் சரி. முதலாவது ஏறத்தாழ 22½ பாகைச் சாய்வு, இரண்டாவது ஏறத்தாழ 37 பாகை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட எந்தச் சாய்வை எடுத்தாலும் வாய்பாடு உண்மை நீளத்தைவிடச் சற்றே கூடுதலாகச் சொல்கிறது. அந்தக் கூடுதல் எங்கும் நூற்றுக்கு 0.8-ஐத் தாண்டுவதில்லை. ஓட்டுக் கூரைகளின் வழக்கமான சாய்வுகள் பெரும்பாலும் இந்த எல்லைக்குள்ளேயே விழுகின்றன. மரம் அரை விரல் நீண்டால் அறுத்துவிடலாம், குறைந்தால் ஒட்ட முடியாது. பிழை கூடுதல் பக்கமாகவே விழுவது தச்சருக்குப் பெரிய அனுகூலம்.

கணக்கு முறையில் உண்மையான திருப்பம் மேற்குக் கரையிலிருந்து வந்தது. பிரான்சின் அல்சாசு பகுதியில் கிலார்தோனி சகோதரர்கள் 1841-இல் ஒன்றோடொன்று கவ்விப் பூட்டிக்கொள்ளும் ஓட்டுக்குக் காப்புரிமை பெற்றனர். அந்த வகை ஓட்டை பாசல் மிஷனைச் சேர்ந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட் 1865-இல் மங்களூர் ஜெப்புவில் தொடங்கிய ஆலையில் இயந்திர அச்சில் செய்யத் தொடங்கினார். நம் ஊரில் சீமை ஓடு என்று பெயர் பெற்றது இதுதான். பத்து ஆண்டுகள் கழித்து, 1875-இல், திருச்சியிலிருந்து மதுரை செல்லும் ரயில் பாதை திண்டுக்கல் வழியாகத் திறக்கப்பட்டது. எளிதில் உடையும் பாரமான சரக்கு தொலைவிலிருந்து இந்தச் சமவெளிக்கு வர வழி பிறந்தது.

சீமை ஓட்டின் விளிம்புகளில் வரம்பும் பள்ளமும் உண்டு. ஓர் ஓடு அடுத்ததன்மேல் எவ்வளவு ஏற வேண்டும் என்பதை ஓடு போடுபவர் தீர்மானிப்பதில்லை, அச்சு தீர்மானித்துவிடுகிறது. இன்று இந்திய தர நிர்ணயம் 654 கூறும் அளவுகளில் ஒன்று 410 மி.மீ. நீளமும் 235 மி.மீ. அகலமும் கொண்டது. நீளவாட்டில் 60, அகலவாட்டில் 25 மி.மீ. மேலேறல் போக, ஓர் ஓடு மூடுவது 350-க்கு 210 மி.மீ., அதாவது ஏறத்தாழ 0.79 சதுர அடி. நூறு சதுர அடி கொண்ட ஒரு சதுரத்துக்கு 126 ஓடுகள் என்று கணக்கு நேராக விழுகிறது. பரப்பு இங்கேதான் எண்ணிக்கையாக மாறுகிறது. தொலைவிலிருந்து வரும் சரக்கில் இருபது ஓடு குறைந்தாலும் உள்ளூர்க் குயவரிடம் ஈடு கிடைக்காது. ஆகவே கட்டுமானம் தொடங்கும் முன்பே, வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு, கூரையின் உண்மைப் பரப்பைச் சொல்ல வேண்டிய தேவை எழுந்தது.

அதற்கு உரிய சூத்திரம் எளியது. தரைப்பரப்பு P, சாய்வுக் கோணம் θ என்றால் கூரைப்பரப்பு

A = P / cos θ

இதன் வலிமை வேறோர் இடத்தில் இருக்கிறது. எல்லாப் பக்கங்களும் ஒரே சாய்வில் இருந்தால், கூரை இரண்டு சாய்ப்பா, நான்கு சாய்ப்பா, நடுவே கூடல்வாய் உண்டா என்று பார்க்கவே வேண்டியதில்லை. சாய்தளத்தின் ஒவ்வொரு துண்டும் தன் நிழலைவிட ஒரே விகிதத்தில் பெரியது என்பதால், மொத்தமும் அதே விகிதத்தில் பெரியதாகிறது.

ஓர் எடுத்துக்காட்டைச் செய்து பார்ப்போம். சுவரின் வெளியளவு 30 அடிக்கு 20 அடி. நாற்புறமும் ஒன்றரை அடி இறவாணம் நீள்கிறது. அப்படியானால் கூரையின் தரையளவு 33-க்கு 23, பரப்பு 759 சதுர அடி. அகலத்தில் பாதி 11½ அடி. இறவாண விளிம்பின் மட்டத்திலிருந்து முகடு 6 அடி உயரம். ரசமட்டத்தைக் கிடையாகப் பிடித்து, ஓர் அடி தள்ளி எவ்வளவு இறங்குகிறது என்று அளந்தால் ஆறேகால் அங்குலம் வரும். கோணம் ஏறத்தாழ 27½ பாகை, பெருக்க வேண்டிய காரணி 1.128. கூரைப்பரப்பு 856 சதுர அடி. உடைசல் சேர்க்காமல் 1082 ஓடுகள். இதையே நான்கு சாய்ப்பாகக் கட்டினால், இரண்டு சரிவகங்களில் 558, இரண்டு முக்கோணங்களில் 298, கூட்டினால் அதே 856. ஆனால் இரண்டு சாய்ப்பில் 33 அடிக்குப் போதுமான முகட்டு ஓடு, நான்கு சாய்ப்பில் மூலை வரிகளையும் சேர்த்து 79 அடிக்கு வேண்டும். மூலை வரிகளில் வெட்டுப்படும் ஓடுகள் தனி. பரப்பு ஒன்றாக இருப்பதால் செலவும் ஒன்றாக இருக்கும் என்று எண்ணக் கூடாது.

பழைய வாய்பாட்டை இதே வீட்டில் வைத்துப் பார்த்தால், 11½-இல் எட்டில் ஒரு பங்கு போக ஏறத்தாழ 10.06, அதோடு மூன்றைக் கூட்டினால் 13.06 அடி. உண்மைச் சாய்நீளம் 12.97. கூரை முழுவதற்கும் வித்தியாசம் ஆறு சதுர அடி, எட்டு ஓடுகள். கோணத்தை ஒரு பாகை தவறாக அளந்தாலும் இந்தச் சாய்வில் பரப்பு நூற்றுக்கு 0.9 மாறிவிடும். அளவுக் கருவியின் பிழையைவிட வாய்பாட்டின் பிழை சிறியது என்பதே இதன் பொருள்.

பெரிய பிழைகள் சூத்திரத்தில் நேர்வதில்லை, தரைப்பரப்பை எடுக்கும் இடத்தில் நேர்கின்றன. இறவாணத்தை மறந்து, சுவரளவான 600 சதுர அடியை 1.128-ஆல் பெருக்குகிறவர் 677 என்று எழுதுவார். 179 சதுர அடி, அதாவது 227 ஓடுகள் குறையும். இன்னொரு பிழை கண்ணுக்கு எளிதில் படாது. முகட்டின் உயரத்தைச் சுவர்த் தலையிலிருந்து அளந்துவிட்டு, கிடைத்தூரத்தை இறவாண விளிம்பு வரை எடுப்பது. நம் வீட்டில் சுவர்த் தலையிலிருந்து முகடு 5.22 அடி. அதை 11½-ஆல் வகுத்தால் சாய்வு 24½ பாகையாகக் குறைந்து தெரியும். கூரையின் மேல் ரசமட்டத்தை வைத்து ஓர் அடிக்கு இறக்கம் பார்த்தால் இந்தத் தவறு உடனே வெளிப்பட்டுவிடும்.

மழைநீரின் கணக்கு இதற்கு நேர் எதிர். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003-இல் கட்டாயமானபின் கூரைப்பரப்பை அளக்கும் தேவை வீட்டுக்கு வீடு வந்தது. அங்கே சாய்பரப்பை எடுப்பது தவறு. 759 சதுர அடி என்பது 70½ சதுர மீட்டர். 10 மி.மீ. மழை பெய்தால் அதில் விழுவது 705 லிட்டர். கூரை எவ்வளவு செங்குத்தாக நின்றாலும், நேராக விழும் மழை அந்தத் தரைப்பரப்புக்கு உரியது மட்டுமே. 1.128-ஆல் பெருக்கித் தொட்டி கட்டினால், வராத தண்ணீருக்கு இடம் விட்டதாகும்.

தகரக் கூரை வந்தபோது கணக்கு மறுபடியும் மாறியது. தகடுகளின் சாய்வு பெரும்பாலும் 5 முதல் 10 பாகை. 10 பாகையில் காரணி 1.015, 5 பாகையில் 1.004. சாய்வு சேர்க்கும் பரப்பு பெயரளவுக்குத்தான். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் பகுதியே அதைவிட அதிகமாகத் தின்னும். அளவெடுப்பு முறைக்கான இந்திய தர நிர்ணயம் 1200-இன் ஒன்பதாம் பகுதி, போட்ட நிலையில் தெரியும் பரப்பை மட்டும் அளக்கச் சொல்கிறது. மேலேறலையும் நெளிவின் மடிப்பையும் அது கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே கூலிக்குரிய பரப்பும் வாங்க வேண்டிய தகட்டின் பரப்பும் வேறு வேறு. இரண்டையும் ஒன்றாக நினைக்கும்போதுதான் வேலை முடிந்ததும் வாக்குவாதம் வருகிறது. பழைய வாய்பாடு இங்கே பொருந்தவே பொருந்தாது. 10 பாகையில் அது தரும் காரணி 0.963, அதாவது சாய்நீளம் கிடைநீளத்தைவிடக் குறைவு. அப்படி ஒரு கூரை இருக்க முடியாது. ஓட்டுக் கூரைக்கு உகந்த வாய்பாட்டைத் தட்டையான கூரைக்குக் கொண்டுபோனது அளப்பவரின் தவறு, வாய்பாட்டின் தவறன்று.

திண்டுக்கல் தெருக்களில் சீமை ஓட்டு வீடுகள் பிரிக்கப்பட்டு வருகின்றன. ஓடும் மரமும் பழைய சாமான் கடைக்குப் போனபின், அந்தக் கூரை எந்தச் சாய்வில் நின்றது என்பதை அறிய வேறு வழியில்லை. பிரிக்கும் முன் மூன்று அளவுகளைக் குறித்து வைக்கும்படி வீட்டுக்காரர்களையும் இப்பகுதிக் கட்டடக்கலை மாணவர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: இறவாணத்தோடு சேர்ந்த நீள அகலம், ஓர் அடிக்கு எத்தனை அங்குல இறக்கம், ஒரு வரிசையில் எத்தனை ஓடு. ஒரு நாடாவும் ஒரு ரசமட்டமும் இருந்தால் போதும்.