320 ரூபாயில் 48,000 பங்கு வாங்க ஆள் நிற்கிறாங்களா, இல்ல சும்மா காட்டுறாங்களா? ஆர்டர் புக்கை படிப்பது எப்படி?

தென்காசி பக்கம் பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டை தெரியாதவர்கள் குறைவு. அங்கே ஒரு வியாபாரி "இந்த விலைக்கு எவ்வளவு வந்தாலும் நான் எடுத்துக்கிறேன்" என்று சொன்னால், அந்தப் பேச்சை மட்டும் வைத்து யாரும் விலையை முடிவு செய்வதில்லை. மூட்டை இறங்கும்போது அவர் நிற்கிறாரா, எடை போட்டு எடுக்கிறாரா என்பதைத்தான் பார்ப்பார்கள்.

பங்குச் சந்தையிலும் இதே கேள்விதான். மொபைல் ஆப்பில் ஒரு பங்கைத் தொட்டால் 'மார்க்கெட் டெப்த்' என்று ஒரு அட்டவணை வரும். அதில் ஒரு குறிப்பிட்ட விலையில் மட்டும் பெரிய எண் நின்றால், "இந்த விலைக்கு கீழே விடமாட்டாங்க, பெரிய ஆள் காவல் நிற்கிறார்" என்று பலரும் வாங்கிவிடுகிறார்கள். அந்த எண் வெறும் பேச்சுதான். மூட்டை இறங்கியதா என்பதை காட்டுவது இன்னொரு இடம். அது, நடந்து முடிந்த வர்த்தகங்களின் பட்டியல். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் உண்மை தெரியும்.

டெப்த் அட்டவணையில் என்ன இருக்கிறது?

இடது பக்கம் வாங்க நினைப்பவர்கள், வலது பக்கம் விற்க நினைப்பவர்கள். பெரும்பாலான ஆப்களில் பக்கத்துக்கு 5 விலைகள் மட்டுமே தெரியும். ஒவ்வொரு விலைக்கும் எதிரே எத்தனை பங்கு, எத்தனை ஆர்டர் என்று இரண்டு எண்கள் இருக்கும். பலரும் முதல் எண்ணை மட்டும் பார்க்கிறார்கள். ஆனால் 48,000 பங்கு 200 ஆர்டரில் நிற்பதும், வெறும் 2 ஆர்டரில் நிற்பதும் ஒன்றல்ல. 200 பேர் ஒரே நொடியில் மனம் மாற மாட்டார்கள். 2 ஆர்டர் மறைய ஒரு விரல் போதும். அதற்காக 2 ஆர்டர் என்றாலே போலி என்றும் சொல்லிவிட முடியாது. சந்தேகப்பட ஒரு காரணம், அவ்வளவுதான்.

அட்டவணைக்கு அடியில் 'மொத்த வாங்கல், மொத்த விற்பனை' என்று ஒரு கூட்டுத்தொகை வரும். காவலை கணிக்க அது உதவாது. சந்தை விலையிலிருந்து பல ரூபாய் தள்ளி, வந்தா வரட்டும் என்று போட்டு வைத்த ஆர்டர்களும் அதில் சேர்ந்திருக்கும்.

சுவர் மறையும் கதை

ஒரு உதாரணம் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக போட்டவை. ஒரு பங்கின் விலை 321-லிருந்து மெல்ல இறங்குகிறது. என்எஸ்இ-யில் 250 முதல் 1,000 ரூபாய் வரை உள்ள பங்குகளில் விலை 5 பைசா படியாக நகரும். எனவே 5 வரி மட்டும் தெரியும் ஆப்பில், வரிசையில் இடைவெளி இல்லாதபோது, வாங்குபவரின் சிறந்த விலை 320.20-க்கு வந்த பிறகுதான் 320.00 என்ற வரியே கண்ணில் படும். நேரம் 11.06. அந்த வரியில் 48,000 பங்கு, 2 ஆர்டர். மேலே உள்ள நான்கு வரிகளிலும் ஆளுக்கு 800 பங்கு மாதிரி. அன்றைய மொத்த வால்யூம் 6,12,000.

விற்பனை வருகிறது. 320.20, 320.15, 320.10 என ஒவ்வொரு வரியாக காலியாகிறது. கடைசி வர்த்தக விலை, அதாவது திரையில் LTP என்று வருவது, 320.05. வால்யூம் 6,14,900. இந்த நேரத்தில் 320.00 வரியில் இருந்த 48,000 திடீரென 6,000 ஆகிறது. மறுபடி வால்யூமை பார்த்தால் 6,15,200.

கணக்கு போடுங்க. புக்கில் காணாமல் போனது 42,000 பங்கு. அதே நேரத்தில் கைமாறியது 300 பங்கு. அதுவும் 320.05-ல். 320.00-ல் ஒரு பங்குகூட வர்த்தகமாகவில்லை. அப்படியென்றால் அந்த 42,000-ஐ யாரும் விற்றுத் தீர்க்கவில்லை, போட்டவரே எடுத்துவிட்டார். மீதி 6,000 சில நொடிகளில் கரைய, விலை 319.85.

இதன் இன்னொரு வடிவமும் உண்டு. சுவர் மறையாது, நகரும். விலை நெருங்க நெருங்க 320.00-ல் இருந்த பெரிய எண் 319.90-க்குப் போகும், பிறகு 319.80-க்கு. எப்போதும் 3, 4 படி தள்ளியே நிற்கும். வாங்கும் ஆசை உள்ளவர் விலை தன்னிடம் வரும்போது பின்வாங்குவாரா?

சின்ன எண்ணில் ஒளிந்திருக்கும் பெரிய ஆள்

இப்போது எதிர்மாறான காட்சி. அதே பங்கு, அதே 320.00. ஆனால் அந்த வரியில் தெரிவது 4,000 பங்கு மட்டும், 12 ஆர்டர். பார்த்தால் ஒரு தட்டு தட்டினால் விழுந்துவிடும் போலத்தான் இருக்கும்.

விற்பனை வந்து மோதுகிறது. 4,000 என்பது 3,200 ஆகிறது, மறுபடி 4,300, பிறகு 3,600, மறுபடி 4,000. நான்கு நிமிடம் இப்படியே ஓடுகிறது. வால்யூம் 6,12,000-லிருந்து 6,43,000-க்கு ஏறிவிட்டது. அதாவது 31,000 பங்கு கைமாறியிருக்கிறது. LTP மாறி மாறி 320.00, 320.05 என்று வருகிறது. 320.05-ல் நடந்தவை, விற்பவர் சொன்ன விலைக்கு யாரோ ஏறி வாங்கியவை. அவை சுமார் 5,000 என்று வைத்துக்கொள்வோம். மீதி 26,000 பங்கு 320.00-ல் நின்றவர் தலையில் கொட்டப்பட்டவை.

தொடங்கும்போது 4,000, முடியும்போதும் 4,000. நடுவில் 26,000 விற்கப்பட்டிருக்கிறது. எனவே குறைந்தது 26,000 பங்குக்கான புது வாங்கல் ஆர்டர் அதே விலையில் வந்து சேர்ந்திருக்க வேண்டும். இதுதான் நிஜமான காவல். காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள், பின்வாங்கவில்லை.

எங்கிருந்து வந்தது? அந்த விலையில் புதிது புதிதாக வாங்க வருபவர்கள் இருக்கலாம். மறைத்துப் போட்ட ஒரே ஆர்டராகவும் இருக்கலாம். என்எஸ்இ-யில் 'டிஸ்க்ளோஸ்டு குவான்டிட்டி' என்ற வசதியில் மொத்த ஆர்டரில் குறைந்தது 10 சதவீதத்தை மட்டும் வெளியே காட்டினால் போதும். 30,000 பங்கு வாங்க வந்தவர் 3,000 மட்டும் காட்டலாம். அது தீர்ந்ததும் அடுத்த 3,000 தானாக வெளிவரும். ஆனால் அது அந்த விலையின் வரிசையில் கடைசி ஆளாகத்தான் போய் நிற்கும். ஒரே மாதிரி அளவு மறுபடி மறுபடி நிரம்புவதைப் பார்த்தால் இது நடக்கிறது என்று ஊகிக்கலாம்.

ஒரு விஷயத்தை இங்கே குழப்பிக்கொள்ளக் கூடாது. 26,000 வாங்கினார் என்பது நடந்து முடிந்தது. அவருக்கு தேவை 30,000 என்றால் இன்னும் 4,000-தான் பாக்கி. அதன் பிறகு காவலுக்கு ஆள் இல்லை. அதனால்தான் பழகியவர்கள் நிரம்புவதைப் பார்த்த உடனே வாங்க மாட்டார்கள். விற்பனை துண்டுகள் சிறிதாகின்றனவா, 320.05-ல் நிற்கும் விற்பவர்களை யாராவது வாங்கித் தீர்க்கிறார்களா, 320.10, 320.15 என்று வாங்குபவர்களின் வரிசை மேலே ஏறுகிறதா என்று காத்திருப்பார்கள். தாங்கினால் மட்டும் போதாது, விலை அங்கிருந்து எழும்ப வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

வாங்கும் எண்ணமே இல்லாமல் பெரிய ஆர்டரைக் காட்டி, மற்றவர்களை நகர்த்திவிட்டு, எதிர்ப்பக்கம் தன் வர்த்தகத்தை முடித்துக்கொண்டு, பெரிய ஆர்டரை ரத்து செய்வதற்கு 'ஸ்பூஃபிங்' என்று பெயர். இந்தியாவில் சமீபத்தில் பேசப்பட்ட வழக்கு, 2025 ஏப்ரல் 28-ல் படேல் வெல்த் அட்வைசர்ஸ் நிறுவனம் மீதும் அதன் இயக்குநர்கள் மீதும் செபி பிறப்பித்த இடைக்கால உத்தரவு. சந்தை விலையிலிருந்து தள்ளி பெரிய ஆர்டர்களை வைத்து, எதிர்ப்பக்கத்தில் வர்த்தகம் செய்துவிட்டு, அந்த ஆர்டர்களை ரத்து செய்ததாக குற்றச்சாட்டு. 173 பங்குகளில் 621 முறை இப்படி நடந்ததாகவும், முறைகேடான லாபம் 3.22 கோடி ரூபாய் என்றும் செபி கணக்கிட்டு, அந்தத் தொகையை முடக்க உத்தரவிட்டது. இது இடைக்கால உத்தரவு என்பதால் இவை செபியின் முதற்கட்ட கண்டறிதல்கள்தான்.

உலக அளவில் பிரபலமான பெயர் லண்டனைச் சேர்ந்த நவிந்தர் சராவ். 2010 மே 6-ல் அமெரிக்க சந்தை நிமிடங்களில் சரிந்து மீண்ட 'ஃப்ளாஷ் கிராஷ்' நாளோடு சேர்த்துப் பேசப்படுபவர். அவருடைய விற்பனை ஆர்டர்கள் விலை நகர நகர, அதோடு சேர்ந்து சில படி தள்ளியே நகர்ந்தன. மேலே சொன்ன நகரும் சுவர்தான் அது, விற்பனை பக்கத்தில். 2016-ல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

ஆனால் ரத்து ஆன ஒவ்வொரு ஆர்டரும் ஸ்பூஃபிங் இல்லை. நிலவரம் மாறி ஒருவர் நிஜமாகவே மனம் மாறியிருக்கலாம். நோக்கத்தை நிரூபிப்பது செபியின் வேலை. திரை பார்ப்பவருக்கு தேவையானது ஒன்றுதான், அந்த எண்ணை நம்பலாமா வேண்டாமா.

மொபைலில் பார்க்கும்போது எங்கே ஏமாறுவோம்?

முதல் சிக்கல், நம் கைக்கு வரும் தகவலே முழுசு இல்லை. பங்குச் சந்தையில் நடக்கும் ஒவ்வொரு வர்த்தகமும் தரகரின் ஆப்புக்கு தனித்தனியாக வருவதில்லை. நொடிக்கு சில முறை எடுக்கும் போட்டோ மாதிரி ஒரு நிலவரம் மட்டும் வரும். இரண்டு போட்டோவுக்கு நடுவே 40 வர்த்தகம் நடந்திருந்தாலும் LTQ என்ற இடத்தில் கடைசி ஒன்றின் அளவு மட்டுமே தெரியும். அதனால் LTQ எண்களைக் கூட்டினால் கணக்கு தப்பாகும். மொத்த வால்யூம் எவ்வளவு ஏறியது என்பதைக் கழித்துப் பார்ப்பதே சரி. மேலே உதாரணங்களில் அதைத்தான் செய்தோம். 5,000, 26,000 என்று பிரித்தது கூட ஆப் தகவலில் தோராயமாகத்தான் வரும்.

மழைக்காலத்தில் மலையோரத்தில் சிக்னல் விட்டு விட்டு வரும் இடங்களில் இந்தக் கணக்கே வேண்டாம். திரை சில நொடி உறைந்து மீண்டால், ரத்து ஆனதா விற்றுத் தீர்ந்ததா என்று பிரிக்கவே முடியாது.

இரண்டாவது, ஸ்டாப்லாஸ் ஆர்டர்கள். குறித்த விலை வரும்வரை அவை டெப்த்தில் தெரியாது. 320-ல் காவல் இருக்கிறது என்று எல்லோரும் நம்பினால், எல்லோருடைய ஸ்டாப்லாஸும் 319.90, 319.80 பக்கம் குவிந்திருக்கும். 320 உடைந்த கணத்தில் அவை ஒன்றன் பின் ஒன்றாக விற்பனையாக மாறும். மறைந்த சுவருக்குப் பின்னால் விலை சட்டென்று விழுவதற்கு பாதி காரணம் இதுதான்.

மூன்றாவது, ஒரே பங்குக்கு என்எஸ்இ-யில் ஒரு புக், பிஎஸ்இ-யில் இன்னொரு புக். ஒன்றில் தெரியும் ஆர்டர் மற்றொன்றில் தெரியாது. அதிகம் வர்த்தகமாகும் புக்கைத்தான் பார்க்க வேண்டும். நாள் முழுக்க சில ஆயிரம் பங்கு மட்டுமே கைமாறும் சிறிய பங்குகளில் இந்த முறை எடுபடாது. அங்கே நான்கு நிமிடத்தில் கழித்துப் பார்க்கும் அளவுக்கு வர்த்தகமே நடந்திருக்காது.