ரிவேர்ட், பிரிபோன்: இரண்டு சொற்களின் கதை

என்னிடம் படித்த பிள்ளையொருவர் கொழும்பில் ஒரு கம்பனியில் வேலை பார்க்கிறார். இணையதளமொன்றில் இரண்டு நாளாகத் திருத்தங்கள் செய்துவிட்டு, லண்டனில் இருப்பவருக்கு "கைன்ட்லி ரிவேர்ட் ஒன் த சேஞ்சஸ்" என்று மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். பார்த்துப் பதில் தாருங்கள் என்பதுதான் இவர் நினைத்தது. அவரோ செய்த திருத்தங்களையெல்லாம் நீக்கி, பக்கத்தைப் பழையபடி ஆக்கிவிட்டார்!

பிழை யாருடையது? சொல்லின் கதையைப் பார்த்தால் இருவர் மீதும் கோபம் வராது.

ரிவேர்ட் லத்தீனிலிருந்து வந்த சொல். திரும்புதல் என்பதே அதன் அடிப்படைப் பொருள். ஆங்கிலேயச் சட்டத்தில், ஒருவருடைய ஆயுட்காலத்துக்கென்று கொடுத்த காணி அவர் மௌத்தான பின் கொடுத்தவருக்கோ அவருடைய வாரிசுக்கோ திரும்பிப் போவதை இந்தச் சொல்லால் குறித்தார்கள். இஸ்லாத்தைத் தழுவியவரை நம்மவர்கள் 'ரிவேர்ட்' என்பதிலும் அதே பொருள்தான்: இயல்பான மார்க்கத்துக்குத் திரும்பியவர். கணினித் துறையில் முந்தைய நிலைக்குத் திரும்புதல். தெற்காசிய அலுவலகங்களில் அது 'பதிலோடு திரும்பி வருதல்' என்றாகி, கடைசியில் வெறும் 'பதில்' என்று நின்றுவிட்டது. லண்டன்காரருக்கு இந்தக் கடைசிப் பொருள் பழக்கமில்லை.

பிரிபோனின் கதை வேறு. போஸ்ட்போனைப் பார்த்து நம் பக்கத்தார் கட்டிய சொல் என்று பலர் சிரிப்பார்கள். ஆனால் 1549இலேயே ரொபர்ட் குரோலி என்ற ஆங்கிலேயர் 'முன்னால் வைத்தல்' என்ற பொருளில் இதை எழுதியிருக்கிறார். நாளை முற்படுத்துதல் என்ற பொருளில் 1913இல் நியூயோர்க் டைம்ஸுக்கு வந்த ஒரு வாசகர் கடிதத்தில் இருக்கிறது. அங்கே நிலைக்காத சொல், இந்தியாவிலும் நம்மிடமும் வேரூன்றிவிட்டது. ஆகவே இது பிழையான சொல்லல்ல. வெளியூரார் கேட்டுப் பழகாத சொல்.

அப்படியென்றால் என்ன எழுதலாம்? பதில் வேண்டுமென்றால் 'ரிப்ளை' போதும். "பிளீஸ் ரிப்ளை பை ஃப்ரைடே" என்று நாளையும் சேர்த்துவிட்டால் இன்னும் நல்லது. நாமே பிறகு பதில் சொல்வதாக இருந்தால் "ஐ வில் கெட் பேக் டு யூ". பிரிபோனுக்குப் பதிலாக பிரித்தானியர் 'பிரிங் ஃபோர்வர்ட்' என்பார்கள், அமெரிக்கர் 'மூவ் அப்' என்பார்கள். 'மூவ் ஃபோர்வர்ட்' மட்டும் வேண்டாம். புதன்கிழமைக் கூட்டத்தை அப்படி இரண்டு நாள் மாற்றினால் சிலர் திங்கள் என்றும் சிலர் வெள்ளி என்றும் விளங்கிக்கொள்வார்கள். எந்தச் சொல்லைப் போட்டாலும் பழைய நாளையும் புதிய நாளையும் சேர்த்தே எழுதுங்கள்.

நமக்குள் எழுதும்போது ரிவேர்ட் இருந்துவிட்டுப் போகட்டும். கடல் தாண்டிப் போகும் கடிதத்தில், முக்கியமாகத் திருத்தங்களைப் பற்றி எழுதும்போது, அதைத் தவிர்த்துவிடுங்கள். அந்தப் பிள்ளை இரண்டு நாள் வேலையை மறுபடி செய்தார்.