வாட்ஸ்அப் செய்தியிலிருந்து ஜிஎஸ்டி பில் தயாரித்தல்

வியாபாரிகள் கைபேசியில் ஒரே வரியில் தட்டிவிடும் விற்பனை விவரத்தை, 2017 ஜூலை 1 முதல் இந்தியாவில் நடைமுறையிலுள்ள சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்துக்கு ஏற்ப, சரக்கு, அளவு, விலை, வரி எனப் பத்தி பிரித்த பில்லாக மாற்றும் பணி இது. கணக்கு எளிதே, செய்தியில் எழுதாமல் விடப்பட்டவற்றை ஊகிப்பதில்தான் சிரமம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

மதுரையிலுள்ள பிளம்பிங் சாமான் கடையொன்றிலிருந்து, "பிவிசி பைப் 12, 450 வீதம், டேப் 8, 320 வீதம், 5% லெஸ், வண்டி 300" என்று செய்தி வருவதாகக் கொள்வோம். இரண்டு சரக்குக்கும் வரி 18 சதவீதம். கழிவு சரக்குக்கு மட்டுமே என்பது கடைத்தெரு வழக்கமாதலால், வண்டி வாடகையில் அதைக் கழிப்பதில்லை.

| விவரம் | எச்.எஸ்.என். | அளவு | விலை | கழிவு போக |
|---|---|---|---|---|
| பிவிசி பைப் | 3917 | 12 | 450 | 5,130.00 |
| டேப் | 8481 | 8 | 320 | 2,432.00 |
| வண்டி வாடகை | | | | 300.00 |
| வரிக்குரிய மதிப்பு | | | | 7,862.00 |
| சிஜிஎஸ்டி 9% | | | | 707.58 |
| எஸ்ஜிஎஸ்டி 9% | | | | 707.58 |
| ரவுண்ட் ஆஃப் | | | | −0.16 |
| மொத்தம் | | | | 9,277.00 |

வாடகையை வரிக்குக் கீழே, மொத்தத்தோடு சேர்த்துவிடுவதே அதிகமாகக் காணப்படும் பிழை. கடைக்காரரே சரக்கை அனுப்பி வாடகையையும் வசூலிக்கும்போது, அது 15ஆம் பிரிவின்படி சரக்கின் மதிப்பில் சேர்ந்து வரிக்கு உட்படுகிறது. கீழே சேர்த்தால் இந்த பில்லில் 54 ரூபாய் வரி குறைந்துபோகும். கழிவோ, பில்லிலேயே காட்டப்பட்டிருந்தால்தான் மேற்படி பிரிவின்கீழ் உடனே கழிக்கத் தக்கதாகிறது. ஆகவே அதை வரிக்கு மேலேயே, அந்தந்தச் சரக்கின் வரிசையிலேயே கழித்துக் காட்ட வேண்டும்.

சரக்கு சென்று சேரும் மாநிலம் செய்தியில் பெரும்பாலும் இராது. இந்தச் சரக்கு மதுரையிலிருந்து எர்ணாகுளத்துக்குப் போகுமானால், இரண்டு பாதி வரிகளும் நீங்கி, 1,415.16 ரூபாய் ஐஜிஎஸ்டி என்ற ஒரே வரியாக நிற்கும், மொத்தம் மாறாது. பதிவெண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள், தமிழ்நாட்டுக்கு 33 என்றும் கேரளத்துக்கு 32 என்றும், இதில் முதற் குறிப்பைத் தருமேயன்றி முடிவான சாட்சியமாகா. ஏனெனில் சரக்கு எங்கே ஒப்படைக்கப்படுகிறது என்பதே பிரமாணம்.

சொன்ன விலைகளில் வரியும் அடங்கியிருப்பின், 7,862இலிருந்து 18 சதவீதத்தைக் கழிப்பது தவறு, அதனை 1.18ஆல் வகுக்க வேண்டும். வரிக்குரிய மதிப்பு 6,662.71 ஆகும், பாதி வரி ஒவ்வொன்றும் 599.64. மூன்றையும் கூட்டினால் 7,861.99தான் வருகிறது. இந்த ஒரு பைசாவுக்காக வரித் தொகையைத் திருத்தாமல், ரவுண்ட் ஆஃப் வரிசையில் காட்டுவதே முறை.