மணிமங்கலம் போர்: நாவலும் செப்பேடும்

படப்பைக்குச் சற்று வடக்கே இருக்கும் மணிமங்கலம், 7ஆம் நூற்றாண்டில் பல்லவரும் வாதாபிச் சாளுக்கியரும் மோதிய இடமாகக் கருதப்படுவது. பெரும்பாலான தமிழ் வாசகர்களுக்கு இந்தப் போர் அறிமுகமானது கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ வழியாகத்தான். 1944 முதல் 1946 வரை ‘கல்கி’ வார இதழில் தொடராக வந்த நாவல் அது.

நாவலில் இங்கே போரிடுபவர் மகேந்திரவர்மர். படுகாயம் அடைகிறார், மகன் மாமல்லர் படையோடு வந்து சேர்கிறார். அந்தக் காயத்திலிருந்து மன்னர் மீளவில்லை, ஆட்சி மகன் கைக்கு வருகிறது.

போரைப் பற்றிய முக்கியச் சான்று காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் கிடைத்த செப்பேடு. பரியளம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய ஊர்களில் இரண்டாம் புலிகேசியைத் தோற்கடித்தவர் என்று அது புகழ்வது மகேந்திரரை அல்ல, அவர் மகன் முதலாம் நரசிம்மவர்மரை. காசக்குடிச் செப்பேட்டில் மகேந்திரருக்குச் சொல்லப்படும் வெற்றி புள்ளலூரில். அங்கே எதிரியின் பெயர்கூட இல்லை. ஆக, தந்தை காலத்துப் படையெடுப்பையும் மகன் காலத்துப் படையெடுப்பையும் கல்கி ஒன்றாக மடக்கிவிட்டார். கதைக்கு அது லாபம்: ஒரே படையெடுப்பில் முற்றுகை, சிவகாமி சிறைப்படுதல், தந்தையின் மரணம், மகனின் வஞ்சினம் எல்லாம் அடங்கிவிடுகின்றன.

செப்பேட்டையும் அப்படியே நம்பிவிட முடியாது. அதை வெளியிட்டவர் நரசிம்மரின் பேரன் முதலாம் பரமேசுவரவர்மர். புறமுதுகிட்ட புலிகேசியின் முதுகில், பட்டயத்தில் எழுதுவதுபோல வெற்றி என்ற சொல்லைத் தாத்தா எழுதினாராம்! எதிர்த்தரப்பின் ஐஹொளெக் கல்வெட்டோ (634–35) பல்லவ மன்னன் காஞ்சி மதிலுக்குள் ஒளிந்ததாகப் பாடுகிறது. நாவலின் முற்றுகைக் காட்சிக்கு ஆதாரம் இந்தப் பகைவர் பாட்டில்தான் இருக்கிறது.

சிவகாமி, ஆயனர், நாகநந்தி மூவரும் கற்பனை. பரஞ்சோதி அப்படியல்ல, அவர் பெரியபுராணத்தின் சிறுத்தொண்டர். ஆனால் வாதாபியை அழித்த அந்தத் தளபதியின் மன்னர் யார் என்று சேக்கிழார் சொல்லவில்லை. நரசிம்மர் என்பது ஆய்வாளர்களின் ஊகம், வலுவான ஊகம். வாதாபி விழுந்ததில் ஐயமில்லை. நரசிம்மரின் கல்வெட்டு பாதாமிப் பாறையிலேயே இருக்கிறது.

நாவலைப் படித்துவிட்டு மணிமங்கலம் வருபவர் ஒன்றில் ஏமாறக்கூடும். ராஜகோபாலப் பெருமாள் கோயில் சுவரிலும் சாளுக்கியரை வென்ற செய்தி உண்டு. அது புலிகேசியைப் பற்றியதல்ல. சோழன் வீரராசேந்திரன் கூடல்சங்கமத்தில் வென்ற கல்யாணிச் சாளுக்கியரைப் பற்றியது. காலம் 11ஆம் நூற்றாண்டு.